10 சதவீதத்தில் பாதியாக்கு, 20 சதவீதத்தில் நிறுத்து: டிராடவுன் வரம்பு எப்படி வேலை செய்கிறது

ஒருவர் ஜனவரியில் 5 லட்சம் ரூபாயோடு டிரேடிங் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் அது 6 லட்சம் ஆகிறது. ஜூனில் 4,80,000-க்கு இறங்குகிறது. எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "போட்ட காசுல 20,000 போச்சு, 4 சதவீதம்தான்" என்பது. டிராடவுன் கணக்கு அப்படிப் போகாது. கணக்கு இதுவரை தொட்ட உச்சத்திலிருந்து இப்போது எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் டிராடவுன். உச்சம் 6 லட்சம், இப்போது 4.8 லட்சம். அதாவது டிராடவுன் 20 சதவீதம்.

கணக்கின் வாழ்நாளில் இப்படி வந்த இறக்கங்களிலேயே ஆழமானதற்கு அதிகபட்ச டிராடவுன் என்று பெயர். நிஃப்டியையே ஒரு கணக்காக நினைத்துப் பார்க்கலாம். 2008 ஜனவரி 8 அன்று சுமார் 6,288 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி, அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று சுமார் 2,524-ல் முடிந்தது. கிட்டத்தட்ட 60 சதவீத டிராடவுன். முடிவு விலையில் அந்தப் பழைய உச்சத்தை மறுபடி தாண்ட 2010 நவம்பர் ஆனது. 60 சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கு வர 60 சதவீதம் ஏறினால் போதாது, 150 சதவீதம் ஏற வேண்டும்.

ஏறும் கணக்கும் இறங்கும் கணக்கும் இப்படிச் சமமில்லாமல் இருப்பதால்தான் வரம்பு என்ற ஒன்று தேவைப்படுகிறது. 10 சதவீதம் இழந்தால் மீள 11 சதவீதம் லாபம் போதும். 20 சதவீதம் இழந்தால் 25 சதவீதம் வேண்டும். 30 இழந்தால் 43. பாதியை இழந்தால் 100. முதல் 20 சதவீதம் வரை மீள்வது பெரிய சுமையில்லை, அதைத் தாண்டியதும் சுமை வேகமாகக் கூடுகிறது. தனிப்பட்ட கணக்குக்கு 20 சதவீதத்தைக் கடைசிக் கோடாகப் பலர் வைப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். மனம் பொறுக்காதவர்கள் 10 அல்லது 15 வைக்கலாம். எந்த எண்ணை வைத்தாலும் ஒரு டிரேடுக்கு எவ்வளவு பணயம் வைக்கிறோம் என்பதோடு அது பொருந்த வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். வரம்பை ஒரு பக்கமும் டிரேடு அளவை இன்னொரு பக்கமும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். இரண்டும் ஒரே முடிவு.

தொடர் நஷ்டம் எவ்வளவு நீளும்?

ஒரு நல்ல முறையை எடுத்துக்கொள்வோம். பத்து டிரேடில் நான்கு ஜெயிக்கும், ஆறு தோற்கும். ஜெயிக்கும்போது பணயம் வைத்ததைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும், தோற்கும்போது வைத்தது போகும். டிரெண்டைப் பின்தொடரும் முறைகள் பலவும் ஏறத்தாழ இந்த வகைதான். பத்து டிரேடில் வரவு எட்டு, செலவு ஆறு, மிச்சம் இரண்டு. அதாவது ஒரு டிரேடுக்குச் சராசரியாகப் பணயத்தில் ஐந்தில் ஒரு பங்கு லாபம். 5,000 ரூபாய் பணயம் வைத்தால் சராசரியாக 1,000 ரூபாய். மோசமில்லை.

இந்த முறையில் 200 டிரேடு செய்தால், இடையில் ஒரு ஜெயிப்புகூட இல்லாமல் எத்தனை நஷ்டம் அடுத்தடுத்து வரும்? எட்டு அல்லது ஒன்பது வருவது சாதாரணம். முறை கெட்டுப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. 60 சதவீதம் தோற்கிற ஒன்றை 200 தடவை செய்தால் எங்காவது ஓரிடத்தில் இப்படி நஷ்டங்கள் குவியத்தான் செய்யும்.

தொடர் நஷ்டத்தைவிட டிராடவுன் இன்னும் ஆழமாகப் போகும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஐந்து நஷ்டம், ஒரு லாபம், நான்கு நஷ்டம், ஒரு லாபம், ஆறு நஷ்டம் என்று போனால் நடுவே வந்த இரண்டு லாபத்தால் "தொடர்" அறுந்துவிடுகிறது, ஆனால் கணக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பதினேழு டிரேடில் பதினைந்து நஷ்டம் போய் நான்கு பணயம் வரவாகி, நிகரமாகப் பதினொரு பணயத் தொகை காலி. மேலே சொன்ன முறையில் 200 டிரேடுக்குள் சுமார் 12 முதல் 15 பணயத் தொகை வரை உச்சத்திலிருந்து இறங்குவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதிர்ஷ்டம் கொஞ்சம் குறைந்தால் 20-ஐயும் தொடும்.

இப்போது இதை வரம்போடு சேர்த்துப் பாருங்கள். ஒரு டிரேடுக்கு 1 சதவீதம் பணயம் வைப்பவருக்கு, முறை நன்றாக இருக்கும்போதே 12 முதல் 15 சதவீத டிராடவுன் வரும். 20 சதவீதக் கோடு அவருக்குப் பொருந்தும், கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்கும். அதே 20 சதவீதக் கோட்டை வைத்துக்கொண்டு டிரேடுக்கு 2 சதவீதம் பணயம் வைப்பவருக்கோ சாதாரண இறக்கமே 24 முதல் 30 சதவீதம். ஒன்றும் கெடாத நல்ல முறையோடு அவர் கோட்டைத் தொட்டு வெளியேறுவார். பிறகு "இந்த முறை வேலைக்கு ஆகாது" என்று முடிவு கட்டி வேறு முறைக்குப் போய், அங்கேயும் அதே 2 சதவீதத்தோடு தொடங்குவார்.

எனவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். எவ்வளவு இறங்கினால் நிறுத்துவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, அதை 20-ஆல் வகுங்கள். வருவதுதான் ஒரு டிரேடுக்கான பணயம். வரம்பு 20 சதவீதம் என்றால் 1 சதவீதம். 10 சதவீதம் என்றால் அரை சதவீதம். 20 என்ற வகுக்கும் எண் மேலே சொன்ன முறைக்கு ஏற்றது. பாதிக்கு மேல் ஜெயிக்கும் முறைக்குக் கொஞ்சம் சிறிய எண்ணும் போதும். பத்தில் மூன்றுதான் ஜெயிக்கும் முறைக்கு இன்னும் பெரிய எண் வேண்டும். உங்கள் முறையைப் பழைய விலைகளில் சோதித்துப் பார்த்திருந்தால், அதில் வந்த ஆழமான டிராடவுனை அப்படியே எடுக்காமல் ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய விலைகளுக்குப் பொருந்தும்படி நாமே வடிவமைத்த முறை, வரப்போகும் விலைகளில் அதே அளவு நன்றாக நடந்துகொள்வது அபூர்வம்.

டர்ட்டில்களின் விதி

கடைசிக் கோடு ஒன்று மட்டும் இருந்தால் போதாது. 19 சதவீதம் வரை முழு வேகத்தில் போய் 20-ல் சட்டென்று நிற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொரு டிரேடும் வாழ்வா சாவா என்று ஆகிவிடும். அதனால் வழியிலேயே வேகத்தைக் குறைக்கும் விதி ஒன்று தேவை. இதற்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது.

சிகாகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் டென்னிஸ் என்ற கமாடிட்டி டிரேடர், 1983-ல் தன் கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டோடு ஒரு விவாதத்தில் இறங்கினார். டிரேடிங்கைக் கற்றுக்கொடுக்க முடியுமா, முடியாதா என்பதுதான் விவாதம். விளம்பரம் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, தன் சொந்தப் பணத்தையே கொடுத்து அவர்களை டிரேடு செய்ய வைத்தார். டர்ட்டில்கள் என்று பெயர் பெற்ற இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விதிகள் பிற்பாடு வெளியே வந்தன. எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற பகுதியைத்தான் எல்லோரும் தேடிப் படிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது நஷ்டத்தில் இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி விதி. கணக்கு 10 சதவீதம் இறங்கினால், டிரேடு அளவைக் கணக்கிடப் பயன்படுத்தும் தொகையை 20 சதவீதம் குறைக்க வேண்டும்.

10 லட்சம் டாலர் கணக்கில் 1 லட்சம் போய்விட்டது என்று வையுங்கள். கையில் இருப்பது 9 லட்சம். ஆனால் டிரேடு அளவைக் கணக்கிடும்போது 8 லட்சம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த 8 லட்சத்தில் இன்னொரு 10 சதவீதம், அதாவது 80,000 போனால், அடுத்து 6,40,000 இருப்பதாகக் கணக்கிட வேண்டும். அப்போது உண்மையில் கையில் இருப்பது 8,20,000. பணம் குறைவதைவிட வேகமாகப் பணயம் குறைகிறது.

இதைத் தொடர்ந்து போட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் படியில் 1,00,000 போகிறது, இரண்டாவதில் 80,000, மூன்றாவதில் 64,000, நான்காவதில் 51,200. ஒவ்வொரு படியும் முந்தையதில் ஐந்தில் நான்கு பங்கு. இப்படியே முடிவில்லாமல் கூட்டிக்கொண்டு போனாலும் மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டாது. நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே குறித்து வைக்கும் விலைகளான ஸ்டாப்லாஸ்கள் ஒழுங்காக வேலை செய்யும்வரை, எத்தனை தடவை தோற்றாலும் பாதிக் கணக்கு மிஞ்சும். அந்த ஒரு வரிக்குள் ஒரு அதிகபட்ச டிராடவுன் வரம்பும் ஒளிந்திருக்கிறது.

டர்ட்டில்கள் டென்னிஸின் பணத்தில், பல சந்தைகளில், பெரிய ஏற்ற இறக்கத்துக்குத் தயாராக டிரேடு செய்தவர்கள். 50 சதவீதம் என்பது அவர்களுக்குச் சரி. சம்பளத்தில் மிச்சம் பிடித்த 5 லட்சத்தை வைத்திருப்பவருக்கு அது அதிகம். அவருக்கு இதே யோசனையை இன்னும் எளிமையாக, இறுக்கமாக ஆக்கிக்கொள்ளலாம்.

5 லட்சம் கணக்கில் போட்டுப் பார்ப்போம்

உச்சம் 5,00,000. கடைசிக் கோடு 20 சதவீதம், அதாவது 4,00,000. வழக்கமான பணயம் 1 சதவீதம், 5,000 ரூபாய். உச்சத்திலிருந்து 10 சதவீதம் இறங்கி 4,50,000-ஐத் தொட்டால் பணயம் பாதி, 2,500 ரூபாய். 4,00,000-ஐத் தொட்டால் எல்லாப் பொசிஷனையும் முடித்துவிட்டு நிறுத்தம்.

பணயம் என்று சொல்வது வாங்கும் தொகையை அல்ல, இதில் பலருக்குக் குழப்பம் வரும். 800 ரூபாய் பங்கு ஒன்றை வாங்கி 760-ல் ஸ்டாப்லாஸ் வைக்கிறீர்கள். பங்கு ஒன்றுக்கு 40 ரூபாய் போகலாம். 5,000-ஐ 40-ஆல் வகுத்தால் 125 பங்குகள். முதலீடு ஒரு லட்சம், பணயம் ஐந்தாயிரம். கணக்கு 4,50,000-க்கு இறங்கிய பிறகு அதே பங்கு, அதே விலை, அதே ஸ்டாப்லாஸ் என்றாலும் வாங்குவது 62 பங்குகள்தான். ஸ்டாப்லாஸை 780-க்கு நெருக்கிவிட்டு மறுபடி 125 பங்கு வாங்குவதும் காகிதத்தில் 2,500 ரூபாய் பணயம்தான். ஆனால் அது வேறு டிரேடு. சாதாரண அசைவிலேயே ஸ்டாப்லாஸ் அடிபட்டு நஷ்டங்களின் எண்ணிக்கை கூடும். குறைக்க வேண்டியது பங்குகளின் எண்ணிக்கையைத்தான்.

இந்த விதி எவ்வளவு அவகாசம் வாங்கித் தருகிறது என்று பாருங்கள். குறைக்காமல் 5,000 வீதம் போனால் 20 நஷ்டத்தில் கோட்டைத் தொடுவோம். குறைத்தால் முதல் 50,000 போக 10 நஷ்டம், அடுத்த 50,000 போக 20 நஷ்டம், மொத்தம் 30. கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது, அங்கே போய்ச் சேரும் பாதை மட்டும் நீளமாகிறது. அந்தக் கூடுதல் பத்து டிரேடுக்குள் முறை மீண்டுவிடலாம், அல்லது எங்கே தவறு என்று நமக்குப் பிடிபடலாம்.

இதற்கு விலை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 4,50,000-லிருந்து 5,00,000-க்கு மீள, டிரேடுக்குச் சராசரி 1,000 ரூபாய் என்ற கணக்கில் 50 டிரேடு ஆகும். பணயத்தைப் பாதியாக்கினால் சராசரி லாபமும் 500 ஆகிவிடும். புதிய உச்சம் வரும்வரை பாதியிலேயே இருப்பேன் என்றால் 100 டிரேடு. ஏறுவதற்கான நேரம் இரட்டிப்பாகிறது. தொடர் நஷ்டத்துக்குப் பிறகு பெரிய லாபம் வரும் டிரேடிலும் பாதிதான் கிடைக்கும், அது உறுத்தும்.

அதனால் திரும்ப ஏறும் விதியையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். என் பரிந்துரை, 10 சதவீதத்தில் குறைத்தால் 7 சதவீதத்துக்கு வந்ததும் முழு அளவுக்குத் திரும்புவது. அதாவது 4,50,000-ல் குறைத்து, 4,65,000-ல் கூட்டுவது. முதல் 15,000-க்கு 30 டிரேடு, மீதி 35,000-க்கு 35 டிரேடு, மொத்தம் 65. ஐம்பதுக்குப் பதில் அறுபத்தைந்து என்பது தாங்கக்கூடிய விலை. குறைக்கும் இடமும் கூட்டும் இடமும் ஒன்றாக இருந்தால் 4,49,000-க்கும் 4,51,000-க்கும் நடுவே கணக்கு ஊசலாடும்போது தோற்கும் டிரேடெல்லாம் முழு அளவிலும் ஜெயிக்கும் டிரேடெல்லாம் பாதி அளவிலும் போய்ச் சேரும். அந்த மூன்று சதவீத இடைவெளி இதைத் தடுக்கத்தான்.

"பத்து டிரேடு தோற்றால் பதினொன்றாவது தோற்கும் என்று என்ன நிச்சயம், பிறகு ஏன் குறைக்க வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. முறை நல்லபடியாக இருந்தால் அடுத்த டிரேடின் வாய்ப்பு மாறுவதில்லை, குறைப்பது வெறும் செலவுதான். ஆனால் முறை இன்னும் நல்லபடியாக இருக்கிறதா என்பது நஷ்டத்தின் நடுவே நிற்பவருக்குத் தெரியாது. சாதாரணமான மோசமான காலமும், முறையே செத்துப்போன காலமும் முதல் பத்துப் பதினைந்து டிரேடுகளில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டில் எது என்று தெரியாத நேரத்தில் பாதிப் பணயம் மட்டும் வைப்பது நியாயமான விலை. "சீக்கிரம் ஈடு கட்ட வேண்டும்" என்று பணயத்தைக் கூட்டுபவர், தன் முறையைப் பற்றித் தனக்கு மிகக் குறைவாகத் தெரிந்த நேரத்தில் மிக அதிகமாகப் பந்தயம் கட்டுகிறார்.

அளப்பதில் வரும் தவறுகள்

விதி சரியாக இருந்தும் அளவு தப்பானால் பயனில்லை. தினமும் சந்தை முடிந்ததும் கணக்கின் மதிப்பை ஒரு ஷீட்டில் எழுதுங்கள். முடிந்த டிரேடுகளை மட்டும் எடுக்காமல், திறந்திருக்கும் பொசிஷன்களின் அன்றைய மதிப்பையும் சேர்த்து எழுத வேண்டும். நஷ்டத்தில் இருக்கும் பங்கை விற்காமல் வைத்துக்கொண்டு "இன்னும் புக் ஆகல" என்றால் டிராடவுன் ஷீட்டில் மட்டும்தான் இல்லாமல் போகும். B பத்தியில் மதிப்பு இருந்தால் மற்றதற்கு இவ்வளவு போதும்:

```
C2:  =MAX(B$2:B2)
D2:  =B2/C2-1
F1:  =MIN(D:D)
```

C அன்றுவரை வந்த உச்சம், D அன்றைய டிராடவுன், F1 இதுவரை வந்த அதிகபட்ச டிராடவுன். C2, D2 இரண்டையும் B-ல் மதிப்பு இருக்கும் வரிசை வரை மட்டும் கீழே இழுத்துவிடுங்கள்.

பெரிய ஓட்டை ஒன்று பணம் போடுவதிலும் எடுப்பதிலும் இருக்கிறது. 5,00,000-லிருந்து 4,40,000-க்கு இறங்கிய கணக்கில் போனஸ் பணம் ஒரு லட்சம் போடுகிறீர்கள். ஷீட்டில் 5,40,000 என்று வரும், புதிய உச்சம்! விதிப்படி முழுப் பணயத்துக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். உண்மையில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. இதற்கு மியூச்சுவல் ஃபண்ட் செய்வதையே செய்யுங்கள். தொடக்கத்தில் ஒரு யூனிட்டின் மதிப்பை, அதாவது என்ஏவியை, 100 என்று வையுங்கள், 5,00,000 ரூபாய்க்கு 5,000 யூனிட். 4,40,000-க்கு இறங்கியபோது என்ஏவி 88. புதிதாகப் போடும் ஒரு லட்சத்துக்கு 88 ரூபாய் வீதம் 1,136.36 யூனிட் வாங்குகிறீர்கள். மொத்தம் 6,136.36 யூனிட், மதிப்பு 5,40,000, என்ஏவி அதே 88. டிராடவுன் 12 சதவீதம் என்று சரியாகக் காட்டும். பணம் எடுக்கும்போதும் இப்படியே யூனிட்டைக் கழிக்க வேண்டும். B பத்தியில் ரூபாய்க்குப் பதில் என்ஏவியை எழுதினால் மேலே உள்ள சூத்திரங்கள் அப்படியே வேலை செய்யும்.

விதி கைகொடுக்காத இடங்கள்

டிராடவுன் வரம்பு ஒரு சுவர் இல்லை. ஸ்டாப்லாஸ் விலையில் வாங்க ஆள் இருந்தால்தான் அது நடக்கும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி காலையிலேயே 10 சதவீதம் சரிந்து சர்க்யூட்டில் 45 நிமிடம் வர்த்தகம் நின்றது, அன்று முடிவில் சுமார் 13 சதவீத இறக்கம். அப்படி ஒரு நாளில் பல பங்குகள் திறக்கும்போதே ஸ்டாப்லாஸுக்குக் கீழே திறக்கும். ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் என்று எட்டுப் பொசிஷன் வைத்திருப்பவருக்கு எட்டு சதவீதத்தோடு முடியாது, அதைவிட இரண்டு மடங்கும் போகலாம். அதனால் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மொத்தப் பணயத்துக்கும் ஒரு உச்சவரம்பு வேண்டும். 20 சதவீதக் கோடு வைத்திருப்பவருக்கு 4 அல்லது 5 சதவீதம் போதும். பாதிக்குக் குறைத்த காலத்தில் அதுவும் பாதியாக வேண்டும். எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ், கோடக் என்று நான்கு வங்கிப் பங்குகளை வாங்கினால் அது நான்கு டிரேடு அல்ல, கிட்டத்தட்ட ஒரே டிரேடு நான்கு மடங்கு. டர்ட்டில் விதிகளிலும் ஒன்றோடொன்று சேர்ந்து நகரும் சந்தைகளுக்குத் தனி உச்சவரம்பு இருந்தது.

இன்னொரு இடம் ஃபியூச்சர்ஸ். பங்குகளில் 125-ஐ 62 ஆக்கலாம். ஒரு லாட்டை அரை லாட் ஆக்க முடியாது. 2024 நவம்பரிலிருந்து புதிதாக வரும் இண்டெக்ஸ் ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. ஒரு லாட் ஃபியூச்சர்ஸில் இண்டெக்ஸ் 1 சதவீதம் எதிராக நகர்ந்தால் 15,000 ரூபாய் போகும். 5 லட்சம் கணக்கில் அது 3 சதவீதம். இந்தக் கணக்குக்கு முழு அளவே 5,000 ரூபாய், அதாவது இண்டெக்ஸ் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்தாலே முடிந்துவிடும். பாதியாக்க என்ன இருக்கிறது? இங்கே விதியை வளைத்துப் பயனில்லை, அந்தக் கணக்குக்கு அந்தக் கருவி பெரிது என்று ஒப்புக்கொண்டு பங்குகளிலோ இடிஎஃப்களிலோ இருப்பதுதான் வழி.

சின்னதாக ஒன்று. பங்கை டெலிவரியாக வைத்திருந்து விற்கும்போது வரும் டிபி கட்டணம், ஒரு பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு நிலையான தொகை. அளவைப் பாதியாக்கினால் அது பாதியாகாது. மிகச் சிறிய கணக்குகளில் இது சராசரி லாபத்தைக் கடிக்கும், அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கோட்டைத் தொட்டுவிட்டால்

4,00,000 வந்துவிட்டது. விதிப்படி எல்லாவற்றையும் முடித்தாயிற்று. அன்று இரவே "நாளைக்கு ஒரே ஒரு டிரேடு" என்று தோன்றும். அதற்கு ஏற்பாடு முன்னாலேயே இருக்க வேண்டும். சில புரோக்கர் செயலிகளில் கில் சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் குறிப்பிட்ட நேரத்துக்கு டிரேடு செய்ய முடியாது. அதைவிட உறுதியான வழி, பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவது. ஒரு மாதமாவது நிற்க வேண்டும்.

அந்த மாதத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. உச்சத்திலிருந்து இதுவரை செய்த டிரேடுகளை இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும், விதிப்படி செய்தவை, விதியை மீறிச் செய்தவை. ஸ்டாப்லாஸை நகர்த்தியது, சராசரி செய்கிறேன் என்று இறங்கும் பங்கில் மேலும் வாங்கியது, குறைக்க வேண்டிய நேரத்தில் குறைக்காதது எல்லாம் இரண்டாவது குவியல். நஷ்டத்தின் பெரும்பகுதி அங்கே இருந்தால் முறையைப் பற்றி இன்னும் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் அதை நாம் பின்பற்றவே இல்லை. பெரும்பகுதி முதல் குவியலில் இருந்தால், ஜெயிக்கும் விகிதத்தையும் சராசரி லாப நஷ்டத்தையும் பழைய சோதனையோடு ஒப்பிடுங்கள். பத்தில் நான்கு ஜெயிக்க வேண்டிய முறை 50 டிரேடில் 16 ஜெயித்திருந்தால் அது துரதிர்ஷ்டத்துக்குள் அடங்கும். 50-ல் 9 என்றால் சந்தை மாறிவிட்டது அல்லது சோதனையே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அதே முறையோடு திரும்பி வரக் கூடாது.

திரும்பி வருவதாக முடிவு செய்தால் உச்சம் எது என்ற கேள்வி வரும். பழைய 5,00,000-ஐயே உச்சமாக வைத்தால் முதல் நஷ்டத்திலேயே மறுபடி கோட்டைத் தாண்டிவிடுவோம். அதனால் 4,00,000-ஐப் புதிய உச்சமாக வைப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் மறுபடி 20 சதவீதம் என்று வைத்தால் அடுத்த கோடு 3,20,000. தொடக்கத்திலிருந்து பார்த்தால் அது 36 சதவீத இறக்கம், மீள 56 சதவீதம் வேண்டும். இரண்டாவது சுற்றுக்கு வரம்பை 10 சதவீதமாகப் பாதியாக்குவது சரியாக இருக்கும். கோடு 3,60,000-ல் நிற்கும், மொத்த இறக்கம் 28 சதவீதத்தோடு அடங்கும். 10 சதவீதத்தை 20-ஆல் வகுத்தால் டிரேடுக்கு அரை சதவீதம், 2,000 ரூபாய். அந்த 800 ரூபாய் பங்கை மறுபடி வாங்குவதாக இருந்தால் இப்போது 50 பங்குகள். என்ஏவி ஷீட்டை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். டிரேடு அளவுக்குப் புதிய உச்சம் 80, ஆனால் F1-ல் பழைய 20 சதவீத டிராடவுன் அப்படியே இருக்கட்டும்.